காலையில் இலை நுனியில் நிற்கும் நீர்த்துளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில எழுந்து பார்த்தா செடியோட இலை நுனியில எல்லாம் தண்ணி சொட்டு சொட்டா நிக்குது. நான் தண்ணி அதிகமா ஊத்திட்டேனா?

பெரும்பாலும் இல்லை. அந்தத் துளி நேற்று இரவு வேர் நன்றாக வேலை செய்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. மண்ணில் ஈரம் இருந்திருக்கிறது, வேருக்குக் காற்றும் கிடைத்திருக்கிறது, சுற்றியுள்ள காற்று ஈரமாக அசையாமல் நின்றிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த இரவுக்கு அடுத்த காலையில் துளி வருவது இயல்பு. துளியை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இது பனித்துளி தானே?

இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் குழப்பம் வருவது சகஜம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு. பனித்துளி காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து உண்டாவது. அதற்கு இலை, கல், கம்பிவேலி, வாளியின் விளிம்பு எல்லாம் ஒன்றுதான், எது குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் பொடிப்பொடியாகப் படியும். நாம் பேசும் துளி செடிக்குள்ளிருந்து வருகிறது. தாவரவியலில் இதைக் கட்டேஷன் என்பார்கள், தமிழில் நீர்க்கசிவு என்று சொல்லலாம். 1887-இல் புர்கர்ஸ்டைன் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் வைத்த பெயர் அது. லத்தீனில் துளி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது.

அருகில் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு தக்காளி இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். அதன் விளிம்பில் உள்ள பல் பல்லான முனைகளில், ஒவ்வொரு முனைக்கும் ஒன்று என்று துளிகள் வரிசையாக நிற்கும், இலையின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். புல்லில் என்றால் ஒரு தாளுக்கு ஒரே துளி, சரியாக நுனியில். சேம்பில் இலையின் கூர்முனையில் ஒன்று திரண்டு, கனத்து, விழும்; உடனே அடுத்தது ஊறத் தொடங்கும். துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், அதே இடத்தில் திரும்ப வந்திருந்தால் அது உள்ளிருந்து வருவதுதான். இன்னும் சந்தேகமா? செடிக்குப் பக்கத்தில் இரவு ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள். குச்சியும் நனைந்திருந்தால் பனி பெய்திருக்கிறது என்று அர்த்தம். குச்சி காய்ந்திருக்க இலை நுனியில் மட்டும் துளி என்றால் வேறு கேள்வியே இல்லை. சில காலைகளில் இரண்டும் சேர்ந்தே வரும், அதுவும் உண்டு.

செடிக்கு இதயம் மாதிரி எதுவும் கிடையாதே, தண்ணியை மேல தள்ளுறது யாரு?

வேர்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வேரின் செல்கள் மண்ணில் உள்ள நைட்ரேட், பொட்டாசியம் போன்ற உப்புகளை இழுத்து, நடுவில் இருக்கும் சைலம் என்ற நீர்க்குழாய்களுக்குள் சேர்த்துக்கொண்டே இருக்கும். இது தானாக நடப்பதில்லை, செல் தன் சக்தியைச் செலவழித்துச் செய்யும் வேலை. அந்தச் சக்திக்கு வேர் சுவாசிக்க வேண்டும், சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

குழாய்க்குள் உப்பு சேரச் சேர, சவ்வூடு பரவல் முறையில் மண்ணின் நீர் அதைத் தேடி உள்ளே வரும். உள்ளே வந்தது வெளியே திரும்பக் கசியாதபடி வேரின் நடுப்பகுதியைச் சுற்றி அகத்தோல் என்ற செல் அடுக்கு ஒன்று இருக்கிறது, அதன் செல்களுக்கு இடையே நீர் புகாத காஸ்பாரியன் பட்டை இருக்கிறது. ஆக, நீர் வருகிறது, திரும்பப் போக வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. இதற்குப் பெயர் வேர் அழுத்தம். பொதுவாக இது ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தம் அளவுக்கு இருக்கும். ஒரு வளிமண்டல அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் தூக்கும் என்பதால், தொட்டிச் செடிக்கும் புல்லுக்கும் இது தாராளம். உயர்ந்த மரத்தின் உச்சி இலையில் இப்படித் துளி காணாததற்கும் இதுதான் காரணம்.

மேலே போன நீர் வெளியேறும் வாசல் இலையின் நுனியிலோ விளிம்பிலோ இருக்கிறது. ஹைடதோடு என்று பெயர். நரம்பு வந்து முடியும் இடத்தில் தளர்வான செல்கள், அதற்கு மேல் தோலில் சிறு துளைகள், அவ்வளவுதான். சுவாசிக்கும் இலைத்துளை திறந்து மூடும், இந்த நீர்த்துளைகள் பெரும்பாலும் மூடுவதே இல்லை. உள்ளே அழுத்தம் வந்தால் துளி வெளியே வரும், அழுத்தம் இல்லாவிட்டால் வராது.

அப்போ பகல்ல ஏன் வர்றதில்ல?

பகலில் இலைத்துளைகள் திறந்திருக்கும், நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். வேர் அனுப்பும் நீரைவிட அதிகமாக இலை இழந்துகொண்டிருப்பதால் குழாய்க்குள் தள்ளும் அழுத்தத்துக்கே இடமில்லை, மேலிருந்து உறிஞ்சும் இழுவைதான் இருக்கும். பொழுது சாய்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, காற்றும் ஈரமாகிறது, ஆவியாவது கிட்டத்தட்ட நின்றுபோகிறது. வேர் மட்டும் உப்பைச் சேர்ப்பதை நிறுத்துவதில்லை, அதனால் நள்ளிரவுக்குப் பிறகு அழுத்தம் மெல்ல மெல்லக் கூடி விடியற்காலையில் துளி நன்றாகத் திரண்டு நிற்கிறது. வெயில் ஏறியதும் சில துளிகள் காய்ந்துவிடும், சிலவற்றை இலையே உள்ளே இழுத்துக்கொள்ளும். மண் வெதுவெதுப்பாகவும் காற்று குளிர்ந்தும் இருக்கும் இரவுகளில் அதிகமாக வரும். காற்று வீசிய இரவுக்குப் பிறகு பார்த்தால் ஒன்றுமே இருக்காது, அதற்காகச் செடிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தண்ணி கூடினா அழுத்தம் கூடும், துளியும் கூடும். அப்படின்னா துளி வந்தா தண்ணி அதிகம்னு தானே அர்த்தம்?

ஓரளவு வரைக்கும் இந்தக் கணக்கு சரி. காய்ந்த மண்ணில் துளி வராது, ஈரம் கூடினால் வரும். ஆனால் இந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போவதில்லை, ஓர் இடத்தில் தலைகீழாகிவிடும். வேர் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த இடம்தான் இது. மண்ணின் துளைகளில் எல்லாம் நீரே நிறைந்துவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அங்கே இருந்த கொஞ்சம் ஆக்சிஜனை வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் வேருக்கு உப்பை இழுக்கச் சக்தியில்லை, உப்பு சேராவிட்டால் அழுத்தமில்லை, அழுத்தமில்லாவிட்டால் துளியும் இல்லை.

இதை நானே ஒருமுறை செய்து பார்த்தேன். ஒரே விதைப் பொட்டலத்திலிருந்து வந்த இரண்டு தக்காளிச் செடிகள், இரண்டும் முழங்கை உயரம், ஒரே மண்கலவை, ஒரே அளவுத் தொட்டி. முதல் தொட்டிக்கு நன்றாக ஊற்றி நீர் வடியவிட்டேன். இரண்டாவது தொட்டியை அப்படியே ஒரு வாளிக்குள் இறக்கி, மண்ணின் மேல்மட்டம் வரை தண்ணீர் நிற்கும்படி வைத்தேன். முதல் நாள் காலையில் இரண்டிலும் விளிம்பு முழுக்கத் துளி, வாளிக்குள் இருந்த செடியில் சற்றுப் பெரிதாகக்கூட இருந்தது, அன்றோடு நிறுத்தியிருந்தால் நானும் தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பேன். இரண்டாம் நாள் வாளிச் செடியில் துளி பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. அதோடு அதன் இலைக்காம்புகள் எல்லாம் மேலிருந்து கீழாக வளைந்து தொங்கின, தொட்டுப் பார்த்தால் இலை வாடித் துவளவில்லை, விறைப்பாகவே இருந்தது, காம்பு மட்டும் தரையை நோக்கித் திரும்பியிருந்தது. தக்காளியில் வேர் மூச்சுத்திணறினால் எத்திலீன் என்ற தாவர ஹார்மோன் கூடி இப்படி ஆகும். முதல் தொட்டியில் மூன்று நாளும் துளி வந்துகொண்டே இருந்தது.

அன்றே வாளியிலிருந்து எடுத்துச் சாய்த்து வடியவிட்டேன். அதன்பின் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று மறுபடி துளி பார்க்க, அதுவும் முதலில் புதிதாக வந்த இலைகளில்தான்.

அதனால் நான் கவலைப்படுவது வேறொரு நிலைமைக்கு. மண் சொதசொதவென்று இருக்கிறது, இரவும் ஈரமான இரவுதான், வழக்கமாகத் துளி வரும் செடி, ஆனால் சில நாளாக ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் உடனே தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

தினமும் வருதே, அப்பவும் பரவாயில்லையா?

தினமும் வருகிறது என்றால் ஒரு விஷயம் தெரிகிறது: ஒவ்வோர் இரவும் மண்ணில் தாராளமாக ஈரம் இருக்கிறது. நிலத்தில் நிற்கும் புல்லுக்கும் சேம்புக்கும் அது ஒரு குறையே இல்லை. ஆனால் வீட்டுக்குள் வைத்திருக்கும் தொட்டிச் செடியில் வாரக்கணக்கில் ஒருநாள் தவறாமல் வந்தால், அந்த மண் இடையில் காயவே இல்லை என்று அர்த்தம். அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு மண்ணைச் சோதியுங்கள்.

சோதிக்கச் சிறந்த வழி எடை. சமையலறைத் தராசு இருந்தால் போதும். மணி பிளாண்ட் ஒன்றை வைத்து நான் எழுதி வைத்த கணக்கைச் சொல்கிறேன். 15 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டி, தென்னைநார்க் கழிவு கலந்த கலவை. நன்றாக ஊற்றி, வடிந்து முடிந்ததும் 1620 கிராம். அடுத்த மூன்று காலைகளும் துளி வந்தது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் குறைந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் காலையில் 1430 கிராம், துளி இல்லை. அன்று விரலை விட்டுப் பார்த்தேன், மேலே ஒரு விரற்கணு அளவுதான் காய்ந்திருந்தது, அடியில் ஈரம் இருந்தது. ஏழாம் நாள் 1280 கிராமுக்கு வந்தபோது இரண்டு விரற்கணு ஆழம் காய்ந்திருந்தது, அப்போதுதான் ஊற்றினேன். இலை ஒன்றும் துவளவில்லை.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. துளி நிற்பதற்கும் செடிக்குத் தாகம் எடுப்பதற்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு, துளி வரவில்லையே என்று நான்காம் நாளே ஊற்றியிருந்தால் அதுதான் அதிகமாகப் போயிருக்கும். அடுத்தது, துளி வரும் மூன்று நாளும், பின்பு வராத மூன்று நாளும் ஒரே சுற்றின் பகுதிகள். இப்படி மாறி மாறி நடந்தால் தண்ணீர் அளவாகப் போகிறது. உங்கள் தொட்டியின் எண்கள் வேறாக இருக்கும், எனவே இதே எடையைத் தேடாதீர்கள். ஊற்றி வடிந்த எடை என்ன, காய்ந்து மறுபடி ஊற்றும் எடை என்ன என்று உங்களுக்காக இரண்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். தராசு இல்லையா, தொட்டியைக் கையில் தூக்கிப் பழகுங்கள், பத்து நாளில் கை சொல்லிவிடும்.

சரி, தண்ணி உண்மையிலேயே அதிகமாயிடுச்சுன்னா எதை வச்சு தெரிஞ்சுக்கிறது?

மண்ணையும் வேரையும் வைத்துத்தான். ஊற்றி நான்கைந்து நாளாகியும் தொட்டியின் கனம் குறையவில்லை; அடித்துளையில் விரலை வைத்து முகர்ந்தால் அழுகிய முட்டை போல நாற்றம்; மண்ணைத் தட்டினால் குட்டிக் கருப்பு ஈக்கள் எழும்புகின்றன; அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. இவற்றுள் முக்கியமானது மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவள்வது. தண்ணீர் இல்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவார்கள், அங்கேதான் செடி போய்விடும்.

சந்தேகம் வந்தால் தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக அல்லது இளம் பழுப்பாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போல உருவிக்கொண்டு வரும், உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, காற்றோட்டமான புதுக் கலவையில் வேரின் அளவுக்கேற்ற சின்னத் தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி மறுபடி அதே கதைதான்.

நீர்க்கசிவுக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவுள்ள ஓர் அறிகுறியும் உண்டு. சில செடிகளில் இலையின் அடிப்பக்கம் சிறு சிறு கொப்புளம் போலப் புடைத்து, பிறகு தக்கை மாதிரி சொரசொரப்பாகக் காய்ந்துவிடும். வேர் அனுப்பும் நீர் வெளியேறும் நீரைவிட அதிகமாகி, செல்கள் உப்பி வெடிப்பதால் வருவது, நோய் இல்லை. இதைப் பார்த்தால் தண்ணீரைக் குறைத்து, வெளிச்சத்தையும் காற்றையும் கூட்ட வேண்டும். நுனித்துளி என்பது நீர் வாசல் வழியாக ஒழுங்காக வெளியேறுவது, இது வழியில்லாமல் முட்டுவது.

துளி வராம பண்ணணும்னா என்ன செய்யலாம்? மர மேசையில சொட்டி கறையாகுது.

செடியின் நன்மைக்காக இதைத் தடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. மேசைக்காக என்றால், அளவைக் குறைப்பதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். மாலையில் ஊற்றுபவர்கள் காலையில் ஊற்றத் தொடங்கினால், பகல் முழுக்க இலை கொஞ்சம் குடித்துவிடும், இரவில் மண் முழு ஈரத்தோடு நிற்காது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக் காற்று அசைய விட்டாலும் குறையும். அடித்தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள், இது துளிக்காக இல்லாவிட்டாலும் வேருக்காகச் செய்ய வேண்டியது. இவ்வளவுக்குப் பிறகும் சொட்டினால் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிடுவதுதான் எளிது.

துளி காய்ஞ்ச இடத்துல வெள்ளையா படிஞ்சிருக்கு, நுனி கருகுற மாதிரியும் இருக்கு. ஏன்?

துளி வெறும் தண்ணீர் இல்லை. சைலத்தில் வந்த உப்புகள், கொஞ்சம் சர்க்கரை, அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் இருக்கும். நீர் ஆவியானதும் மிஞ்சுவதுதான் அந்த வெள்ளைப் பொடி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். லேசாகப் படிவது சாதாரணம்.

வாராவாரம் வெள்ளை கனமாகப் படிந்து நுனியும் பழுப்பாகிறது என்றால் மண்ணில் உரம் அல்லது உப்பு சேர்ந்திருக்கலாம், தண்ணீரே கடினநீராக இருந்தாலும் ஆகலாம். துளி காயக் காய அதிலுள்ள உப்பு அடர்த்தியாகிறது, காலையில் இலை அதைத் திரும்ப உள்ளே இழுக்கும்போது நுனியின் செல்கள் கருகுகின்றன. உரத்தைச் சில வாரம் நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். இதை ஒரே நாளில் காலையில் செய்து முடித்துவிட்டு, அதன்பின் நன்றாகக் காயவிடுங்கள். ஏற்கெனவே கருகிய நுனி பச்சையாகாது, புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

துளி பிசுபிசுன்னு ஒட்டுது. அதுவும் இதேதானா?

இல்லை. நீர்க்கசிவு தண்ணீர் மாதிரிதான் இருக்கும், விரலில் ஒட்டாது. பிசுபிசுப்பாக இருந்தால் இலையின் அடிப்பக்கத்தையும் காம்பின் இடுக்கையும் திருப்பிப் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும், ஒட்டுவது அவற்றின் தேன்கழிவு. கீழ் இலைகளின் மேல்பரப்பில் பளபளவென்று படிந்திருப்பதும், எறும்பு ஏறி இறங்குவதும் கூடுதல் அடையாளம்.

இதை வீட்டுலயே பசங்களுக்குச் செஞ்சு காட்ட முடியுமா?

தாராளமாக. ஒரு கைப்பிடி கோதுமையை இரவு ஊறவைத்து, ஈரமான பஞ்சு அல்லது மண் போட்ட கண்ணாடித் தம்ளரில் பரப்பி முளைக்க விடுங்கள். ஐந்தாறு நாளில் விரல் நீளம் வளர்ந்துவிடும். மண்ணுக்கு நீர் விட்டு, இன்னொரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி வையுங்கள். சில மணி நேரத்தில், பகலாக இருந்தாலும், ஒவ்வொரு தாளின் நுனியிலும் ஊசித்தலை அளவுக்கு ஒரு துளி ஏறி நிற்கும். மூடியைத் திறந்து, காகிதத்தால் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி மூடுங்கள், மீண்டும் வரும், அதே நுனியில்.

இப்போது ஒரு தேக்கரண்டி உப்பை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, அந்தத் தம்ளருக்கு ஊற்றி மூடுங்கள். துளிகளை ஒற்றி எடுத்தபின் திரும்ப வராது. வெளியே உப்பு அதிகமாகிவிட்டதால் நீர் உள்ளே வர மறுக்கிறது, வேர் அழுத்தம் போய்விட்டது. மண்ணில் ஈரம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் துளி இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விட நன்றாகப் பதியும். ஒரு வேண்டுகோள், அந்த நாற்று அதன்பின் பிழைக்காது, பிடித்த செடியில் இதைச் செய்யாதீர்கள்.

இந்தத் துளியால செடிக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்ல நீர் வீணா?

துளி வெளியேறுவது ஒரு பக்கவிளைவு மாதிரிதான், ஆனால் அதைத் தள்ளும் இரவு ஓட்டம் பயனுள்ளது. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே போகும், செடிக்குள் பின்னர் இடம் மாறாது. பகலில் ஆவியாகும் இழுவை பெரிய இலைகளுக்கே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது, மூடியிருக்கும் இளம் இலைகளுக்குக் கிடைப்பதில்லை. இரவில் வேர் அழுத்தத்தால் நீர் எல்லா இடத்துக்கும் போகும்போது அவற்றுக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றில் இரவு காற்று ஈரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இளம் இலையின் நுனி கருகுவது குறைவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஓட்டை எப்பவும் திறந்தே இருந்தா நோய் உள்ள போகாதா?

போகும், இதைச் சொல்லாமல் விட முடியாது. முட்டைக்கோஸ் குடும்பத்தில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனஸ் பாக்டீரியா பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. இலை காலையில் துளியைத் திரும்ப இழுக்கும்போது, அதில் மிதக்கும் பாக்டீரியாவும் கூடவே போகிறது. அதனால்தான் அந்த நோய் விளிம்பில் தொடங்கி, நரம்பை நோக்கிக் கூர்மையாகும் ஆங்கில வி எழுத்து வடிவ மஞ்சள் பகுதியாக இறங்குகிறது, நரம்பும் கருப்பாகும். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலும் விளிம்பின் நீர்த்துளை வழியாகப் புகுகிறது. இலைகள் நனைந்திருக்கும் காலையில் தோட்டத்துக்குள் நடந்து, ஒரு செடியைத் தொட்ட கையால் அடுத்ததைத் தொடாதீர்கள். காய்ந்தபின் வேலை செய்யுங்கள். நோயில்லாத செடிக்குத் துளியால் மட்டும் நோய் வராது.

பூச்சிகள் அந்தத் துளியைக் குடிக்குதே, அதுக்கு ஏதாவது ஆகுமா?

சாதாரணத் துளியால் ஆகாது. ஆனால் விதையிலேயே நியோநிகோடினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி பூசி விதைத்த செடியில் நிலைமை வேறு. அந்த மருந்து வேர் வழியாகச் சைலத்தில் ஏறி நுனித்துளியில் வந்து நிற்கும். அப்படிப் பூசிய மக்காச்சோள நாற்றுகளின் துளியில் தேனீயைக் கொல்லும் அளவுக்கு மருந்து இருந்ததை 2009-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முளைத்த முதல் சில வாரங்களில்தான் அளவு மிக அதிகம். அப்படிப்பட்ட விதை பயன்படுத்துகிறீர்கள், அருகில் தேன்பெட்டிகளும் இருக்கின்றன என்றால், பெட்டிக்குப் பக்கத்திலேயே தேனீக்கள் குடிக்கச் சுத்தமான தண்ணீர் வைத்துவிடுங்கள். தட்டில் கூழாங்கல் போட்டு, கல்லின் தலை வெளியே தெரியும்படி நீர் ஊற்றினால் அவை மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கும். நாற்றுகள் முளைத்து வருவதற்கு முன்பே வைத்துவிட்டால் இன்னும் நல்லது, ஒருமுறை பழகிய இடத்துக்கே அவை திரும்பத் திரும்ப வரும்.